விடுமுறை வாரத்தில் நான்கு மணி நேரம்

காலாண்டுத் தேர்வு முடிந்து பள்ளிகள் மூடப்படும் வாரத்தில், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பகுதிகளில் உள்ள நம் வீடுகளில் ஒரே காட்சிதான் காணக் கிடைக்கிறது. காலையில் கம்பெனி வேன் வந்து நிற்கிறது. தாயோ தந்தையோ, பல வீடுகளில் இருவருமோ, அதில் ஏறிப் போய்விடுகின்றனர். வீட்டில் எஞ்சியிருப்பவர்கள் தாதிமாவும், எட்டு வயதுப் பிள்ளையும், ஒரு கைபேசியும். பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை உண்டு; ஷூ கம்பெனிக்கும் தோல் ஷாப்புக்கும் அதே வாரத்தில் விடுமுறை இல்லை. ஆகவே பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு, யாரும் வாய்விட்டுச் சொல்லாமலேயே, கைபேசியின் கைக்குப் போய்விடுகிறது.

இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நம்மிடையே இரண்டு கருத்துகள் எழுகின்றன. திரையே வீட்டில் வேண்டாம் என்பது ஒன்று. இஸ்லாமியக் கார்ட்டூன்களை மட்டும் போட்டுக் கொடுத்தால் போதும், எவ்வளவு நேரம் பார்த்தாலும் கெடுதல் இல்லை என்பது மற்றொன்று. முதற்கருத்தை மார்க்க அடிப்படையில் கொண்டிருக்கும் குடும்பங்களுடன் நமக்கு வழக்கில்லை. அதை அவர்கள் முழுமையாகக் கடைப்பிடிக்கின்றனர். அவர்களுக்கு இக்கட்டுரை தேவைப்படாது. ஆனால் கொள்கையில் மறுத்து, நடைமுறையில் பகல் முழுவதும் கைபேசியைக் கொடுத்துவிடும் வீடுகளே மிகுதி என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டாவது கருத்தே நமக்கு அதிக அச்சம் தருகிறது. நபிமார்களின் வரலாற்றைச் சொல்லும் கார்ட்டூனாகவே இருந்தாலும், ஒன்று முடிந்த மறுநொடியில் அடுத்தது தானாகவே தொடங்குகிறது. அந்த ஓட்டத்தில் நான்கு மணி நேரம் அமர்ந்த பிள்ளை, யூனுஸ் நபியின் மீனையும் நூஹ் நபியின் கப்பலையும் குழப்பிக்கொண்டு எழுகிறது.

திரையின் கெடுதல் அதில் ஓடும் பொருளால் மட்டும் வருவதன்று. முடிவே இல்லாமல் ஓடுவதாலும் வருகிறது. ஒரு நல்ல திரைப்படத்துக்குத் தொடக்கமும் நடுவும் முடிவும் உண்டு. முடிவு என்ற ஒன்று இருப்பதாலேயே பிள்ளை அதைப் பற்றிப் பேச முடிகிறது, எழுந்து வெளியே போகவும் முடிகிறது. எனவே சென்ற விடுமுறையில் எங்கள் வீட்டில் துண்டுக் காணொளிகளை அறவே நிறுத்திவிட்டு, ஏழு நாளைக்கு மூன்று படங்கள் மட்டும் என்று வகுத்துக்கொண்டோம். அந்த வாரம் எப்படிப் போனது, எங்கே இடறியது என்பதை இங்கே எழுதுகிறோம்.

முதலில் கணக்கு. ஐந்து முதல் பத்து வயதுள்ள பிள்ளைகளுக்கு ஒரு நாளின் மொத்தத் திரை நேரம் 2 மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும் என்று இந்தியக் குழந்தை மருத்துவர் கழகம் அறிவுறுத்துகிறது. அது மேல் எல்லையே தவிர, நிரப்பித் தீர வேண்டிய பாத்திரம் அன்று. அப்படி நிரப்பினால் ஏழு நாளில் 14 மணி நேரம் ஆகும். நாங்கள் தேர்ந்தெடுத்த மூன்று படங்களும் சேர்ந்து ஏறத்தாழ 4 மணி நேரம். சனிக்கிழமை 34 நிமிடப் படம் ஒன்று. ஞாயிறு ஒன்றுமில்லை. திங்களன்று இரண்டாவது படத்தின் முற்பாதி, செவ்வாயன்று ஒன்றுமில்லை, புதனன்று பிற்பாதி. வியாழனும் வெள்ளியும் மூன்றாவது படம், இரு பாதிகளாக. எந்த நாளிலும் ஒரு மணி நேரத்தைத் தாண்டவில்லை. படம் இல்லாத நாள்களைத் தண்டனை நாள்களாக நாங்கள் வைக்கவில்லை. அவை இல்லாவிட்டால் படமே பயனற்றுப் போகும் என்பதைக் கீழே விளக்குகிறோம்.

அடுத்து நேரம். ஒருவர் வீட்டில் இருக்கும் குடும்பங்களுக்குப் பிற்பகல் மூன்றரை மணி பொருத்தமானது. வெயில் கடுமையாக இருக்கும் நேரம் அது. அக்டோபர் தொடக்கத்தில் நம் பகுதியில் ஹனஃபி கணக்குப்படி அஸர் நேரம் நாலரை மணியை ஒட்டித் தொடங்குகிறது. பாங்கு கேட்டவுடன் திரை அணைகிறது, தொழுகை முடிந்ததும் பிள்ளை தெருவுக்கு விளையாடப் போகிறது. 'போதும், நிறுத்து' என்று தாய் சொன்னால் வாதம் எழும். பாங்கொலியிடம் பிள்ளை வாதிடுவதில்லை. இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளில் மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட நேரத்தைக் கொள்ளலாம். அங்கே இஷா பாங்கு அதே வேலையைச் செய்யும். இஷாவுக்குப் பின் படம் தொடங்குவது மட்டும் கூடாது. அதற்கு மறுமுனை கிடையாது. தூக்கம் கெட்டு ஃபஜ்ரும் தவறும்.

பெரியவர் ஒருவர் உடன் அமர்ந்தால்தான் படம் என்பதை முதல் விதியாக வைத்தோம். கைபேசியில் அன்றி, தொலைக்காட்சிப் பெட்டியில் பார்க்க வேண்டும் என்பது இரண்டாவது. கைபேசி ஒருவர் கைக்குள் அடங்குவது. பெட்டி அறைக்குப் பொதுவானது. படம் முடிந்தவுடன் அடுத்ததைத் தானாகத் தொடங்கும் அமைப்பை முன்கூட்டியே நிறுத்தி வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் முதல் நாளே இதை மறந்துபோனோம். இறுதிக் காட்சி மறைவதற்குள் வேறேதோ விளம்பரம் பாய்ந்து வந்து, பிள்ளையின் முகத்தில் இருந்த வியப்பை அப்படியே அழித்துவிட்டது. உரிய முறையில் கட்டணம் செலுத்திப் பாருங்கள் என்பதையும் சொல்லிவிடுகிறோம். அமானிதம் பற்றிப் பிள்ளைக்குக் கற்பிக்கும் படத்தைத் திருட்டுப் பிரதியில் பார்ப்பதில் பொருளில்லை.

சனிக்கிழமைக்கான படம், ஆல்பர் லமொரிஸ் என்னும் பிரெஞ்சு இயக்குநர் 1956-இல் எடுத்த 'சிவப்பு பலூன்'. பாரிஸ் நகரத்து மேட்டுத் தெரு ஒன்றில் ஒரு சிறுவனைச் சிவப்புப் பலூன் ஒன்று நாய்க்குட்டியைப் போலப் பின்தொடர்கிறது. நடித்த சிறுவன் இயக்குநரின் சொந்த மகன். பேச்சு மிகக் குறைவாதலால் மொழித் தடை இல்லை. பார்வை மங்கிய தாதிமாவும் புரிந்துகொண்டார். இதை முதலில் வைத்ததற்குக் காரணம், துண்டுக் காணொளிக்குப் பழகிய கண்ணுக்கு மெதுவாக நகரும் படம் முதலில் சலிப்பூட்டும் என்பதே. முதல் 10 நிமிடம் பிள்ளை நெளியும். 'எப்போது ஏதாவது நடக்கும்?' என்று கேட்கும். அப்போது அவசரப்பட்டு மாற்றிவிடக் கூடாது. 34 நிமிடத்தில் முடியும் படத்தில் இந்தப் பொறுமையைப் பழகினால்தான் பெரிய படத்துக்கு அது தாங்கும். பொறாமை கொண்ட சிறுவர் கூட்டம் பலூனைக் கல்லால் அடித்து வீழ்த்தும் காட்சியில் எங்கள் பிள்ளையின் கண் கலங்கியது. இறுதியில் நகரத்துப் பலூன்கள் எல்லாம் பறந்து வந்து அச்சிறுவனைத் தூக்கிச் செல்லும்போது எழுந்து நின்றுவிட்டது.

இனி, இவ்வாரத்தின் மையத்துக்கு வருவோம். மஜீத் மஜீதி என்னும் ஈரானிய இயக்குநர் 1997-இல் எடுத்த 'பச்சேஹா-யே ஆஸ்மான்', அதாவது வானத்தின் பிள்ளைகள். ஈரானில் சிறுவர், இளையோரின் அறிவு வளர்ச்சிக்கென 1965-இல் 'கானூன்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. நூலகங்களும் புத்தகங்களுமாகத் தொடங்கிய அது பின்னர் படங்களையும் எடுத்தது. பிள்ளைகளை ஏமாற்றாமல், அவர்களுடைய சிறிய கவலைகளைப் பெரிய கவலைகளாகவே மதித்துக் கதை சொல்லும் மரபு ஒன்று அங்கே உருவானது. மஜீதியின் இப்படமும் அந்நிறுவனத்தின் தயாரிப்பே. ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்ட முதல் ஈரானியப் படம் இது. தமிழில் இயக்குநர் சாமி 2022-இல் இதை 'அக்கா குருவி' என்று மறுஆக்கம் செய்தார். ஆயினும் மூலத்தையே காட்டும்படி நாம் பரிந்துரைக்கிறோம். அதில் வரும் வீடு, பள்ளிவாசல், துப்பட்டா அணிந்த சிறுமி, தரையில் விரித்த ஸுஃப்ரா எல்லாம் நம் வீட்டைப் போன்றவை. தன்னைப் போன்ற ஒரு குடும்பத்தைத் திரையில், கேலியோ குண்டுச் சத்தமோ இல்லாமல் காண்பது நம் பிள்ளைகளுக்கு அரிதாகவே வாய்க்கிறது.

கதை ஒரு ஜோடிச் செருப்பைப் பற்றியது. அதனால்தான் நம் ஊருக்கென்றே எடுத்தது போல் இருக்கிறது. தெஹ்ரான் நகரின் ஏழைக் குடும்பத்துச் சிறுவன் அலீ, தங்கை ஸஹ்ராவின் காலணியைத் தைத்து வாங்கி வரும் வழியில் காய்கறிக் கடையில் தொலைத்துவிடுகிறான். குப்பை சேகரிப்பவர் அறியாமல் எடுத்துப் போய்விடுகிறார். தந்தையிடம் வாங்கித் தரக் காசில்லை. வீட்டு வாடகை பாக்கி இருக்கிறது, தாய் நோயுற்றிருக்கிறாள். ஸஹ்ராவுக்குக் காலையில் பள்ளி, அலீக்குப் பிற்பகலில். ஆகவே அலீயின் கிழிந்த காலணியைத் தங்கை அணிந்து போய், ஓடி வந்து சந்தில் கழற்றிக் கொடுக்க, அதை மாட்டிக்கொண்டு அலீ பள்ளிக்கு ஓடுகிறான். பெற்றோர் அதே அறையில் இருக்க, இருவரும் வீட்டுப்பாடக் குறிப்பேட்டில் எழுதி எழுதியே இதைப் பேசி முடிக்கின்றனர்.

மொழி பாரசீகம். எட்டு வயதுப் பிள்ளையால் அடிவரியை வேகமாகப் படிக்க இயலாது. படிக்க வைத்தால் படத்தைப் பார்க்காது. எனவே உடன் அமர்பவர் வரிக்கு வரி மொழிபெயர்க்காமல், காட்சிக்கு ஒரு வாக்கியம் மட்டும் மெல்லச் சொன்னால் போதும். ஆனால் நம் பகுதியில் வீட்டில் தக்னி உருது பேசும் குடும்பங்களுக்கு ஒரு தனி மகிழ்ச்சி காத்திருக்கிறது. படத்தின் பெயரிலேயே பச்சேயும் ஆஸ்மானும் இருக்கின்றனவே! நான், மஸ்ஜித், மதரஸா, கந்த் என்று தெரிந்த சொற்கள் நடுநடுவே எட்டிப் பார்க்க, எங்கள் வீட்டுத் தாதிமா ஒவ்வொன்றையும் பிடித்துப் பேரப்பிள்ளையிடம் சொல்லிக்கொண்டே வந்தார். அன்று மொழிபெயர்ப்பாளர் அவர்தான். கைபேசியின் முன் ஒதுக்கப்பட்டிருந்தவர் அறையின் நடுவுக்கு வந்த நாள் அது.

முற்பாதியில் ஒரு சிறு காட்சி இருக்கிறது. பெரியவர்கள் பலரும் அதைக் கடந்து போய்விடுவார்கள். பள்ளிவாசலில் தேநீர் கொடுப்பதற்கான சர்க்கரைக் கட்டிகளை உடைத்துத் தரும் வேலையைத் தந்தை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார். அவர் முன்னால் மலைபோல் சர்க்கரை குவிந்து கிடக்கிறது. ஸஹ்ரா தேநீர் கொண்டுவந்து வைக்கிறாள். அவர் சர்க்கரை கேட்கிறார். இவ்வளவு சர்க்கரை இருக்கிறதே என்கிறாள் மகள். இது பள்ளிவாசலுடையது, நம்முடையது அன்று என்கிறார் தந்தை. அவ்வளவுதான், இசை உயரவில்லை, யாரும் அறிவுரை கூறவில்லை. அமானிதம் என்ற சொல்லை மதரஸாவில் நம் பிள்ளை மனப்பாடம் செய்திருக்கிறது. அது எப்படி இருக்கும் என்பதை ஒரு கட்டிச் சர்க்கரையில் அது கண்டது அன்றுதான். நாங்கள் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் காலை, தாய் கம்பெனியிலிருந்து கொண்டுவந்திருந்த நூல் கண்டைச் சுட்டி, 'இது கம்பெனியுடையதா, நம்முடையதா?' என்று பிள்ளையே கேட்டது. கழிவென்று கொடுத்ததுதான் என்றாலும், பதில் சொல்வதற்கு முன் தாய் ஒரு கணம் யோசிக்கத்தான் வேண்டியிருந்தது.

எங்கே நிறுத்துவது? ஏறக்குறைய பாதியில், தன் காலணியை வேறொரு சிறுமியின் காலில் பள்ளியில் கண்டுவிட்ட ஸஹ்ரா, அண்ணனை அழைத்துக்கொண்டு அவள் வீட்டைத் தேடிப் போகும் காட்சி வருகிறது. கேட்டு வாங்கிவிடுவது என்றே போகின்றனர். அச்சிறுமியின் தந்தை கண்பார்வையற்றவர் என்பதை மறைந்திருந்து காண்கின்றனர். ஒரு சொல்லும் பேசாமல் திரும்பிவிடுகின்றனர். அங்கே நிறுத்துங்கள். கடிகாரத்தைப் பார்த்து 45-ஆம் நிமிடத்தில் வெட்ட வேண்டாம். காட்சி முடியும் இடத்தில் வெட்டுங்கள். காட்சியின் நடுவில் வெட்டினால் பிள்ளை அழும். அந்த அழுகையில் நியாயமும் உண்டு. முடிந்த இடத்தில் நிறுத்தினால் அடுத்து என்ன என்ற எண்ணம் இரண்டு நாளைக்கு உள்ளே வேலை செய்யும். அன்றிரவு எங்கள் பிள்ளை கேட்ட கேள்வி: 'அது அவளுடைய செருப்புதானே, கேட்டால் என்ன தப்பு?' உரிமையுள்ள பொருளைக் கேட்பது தப்பில்லை, கேட்காமல் விட்டதும் தப்பில்லை. இரண்டும் எப்படிச் சரியாக இருக்க முடியும் என்பதை நாங்களும் சேர்ந்தே யோசித்தோம்.

செவ்வாய்க்கிழமை திரை இல்லை; ஆனால் படம் தொடர்ந்தது. காலையில் வெள்ளைத்தாளைத் தரையில் வைத்து, அதன்மேல் பிள்ளையை நிற்கச் செய்து, இரு பாதங்களையும் பென்சிலால் வரைந்தோம். உட்கார்ந்தபடி வரையக் கூடாது. உடலின் எடை இறங்கும்போதுதான் பாதம் தன் முழு நீளத்துக்கு விரியும். குதிகாலின் பின்நுனியிலிருந்து மிக நீண்ட விரலின் நுனிவரை அளந்தால் இடது பாதம் 19.2, வலது பாதம் 19.5 சென்டிமீட்டர். இரண்டும் ஒன்றில்லை என்பது பிள்ளைக்குப் பெரிய செய்தி. பெரிய பாதத்தையே கணக்கில் எடுக்க வேண்டும். விரல் அசையவும் கால் வளரவும் 1 சென்டிமீட்டர் கூட்டினால் 20.5. நம் ஊர் ஷூ கம்பெனிகள் ஐரோப்பாவுக்கு அனுப்பும் காலணிகளில் 30, 31 என்று எண் இருக்கிறதல்லவா? அதில் ஓர் எண் என்பது ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. ஆகவே 20.5-ஐ ஒன்றரையால் பெருக்க, முப்பதே முக்கால் வருகிறது. 31-ஆம் எண் எடுக்கலாம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒன்றரையால் பெருக்குவது கடினம். முழுதையும் பாதியையும் கூட்டு என்றால் போட்டுவிடுகிறது.

அதன்பின் பழைய ஷூ ஒன்றை அதன் கையில் கொடுத்து, மேல்பகுதியில் எத்தனை துண்டுகள் இருக்கின்றன என்று எண்ணச் சொன்னோம். முன்பகுதி ஒன்று, பக்கங்கள் இரண்டு, நாக்கு, குதிகாலைச் சுற்றிய பட்டை, உள்ளே ஒட்டிய துணி. ஒரு தோல் மற்றொன்றின் மேல் ஏறும் இடத்தில் தடிப்பு இல்லாமல் இருப்பதேன் என்று கேட்டோம். தெரியவில்லை. மாலையில் வந்த தாய் விளக்கினாள். தைப்பதற்கு முன் அந்த ஓரத்தைச் சீவி மெலிதாக்குவார்கள். சரியாகச் சீவாவிட்டால் அந்த மேடு அணிபவரின் காலைக் கடித்துப் புண்ணாக்கிவிடும். நாள்தோறும் எட்டு மணி நேரம் அம்மா செய்து வரும் வேலை என்ன என்று எட்டு வயது வரை அப்பிள்ளைக்குத் தெரிந்திருக்கவில்லை. 'கம்பெனிக்குப் போகிறாள்' என்பது மட்டுமே தெரியும். நம் பகுதியில் தைக்கப்படும் காலணிகளில் பெரும்பகுதி கடல் கடந்து போகிறது. அதைத் தைக்கும் தாயின் பிள்ளை திரையில் ஓர் ஈரானியச் சிறுவனின் கிழிந்த காலணியைக் கண்ட பிறகுதான் தன் தாயின் கையை உற்றுப் பார்த்தது. இதை எழுதும்போது நமக்குச் சற்று வெட்கமாகவும் இருக்கிறது.

அஸருக்குப் பின் தெருவில் ஓர் ஓட்டம். பக்கத்து வீட்டுப் பிள்ளையும் இவனும். இருவருக்கும் ஒரே ஜோடிச் செருப்பு. ஒருவன் தெருமுனைவரை ஓடிவந்து கழற்றிக் கொடுக்க, மற்றவன் மாட்டிக்கொண்டு திரும்ப ஓட வேண்டும். பெரிய செருப்பு காலைவிட்டுக் கழலுவது, கழற்றி மாட்டுவதிலேயே நேரம் போவது எல்லாம் தெரிந்துவிட்டது. 'ஸஹ்ரா தினமும் இப்படி ஓடினாளா?' என்ற கேள்வி மூச்சிரைப்போடு வந்தது. வெறுங்காலோடு காத்து நிற்பவன் கண்ணாடித் துண்டு இல்லாத இடத்தில் நிற்கட்டும். இதை மட்டும் பெரியவர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

புதன்கிழமை பிற்பாதி. இதில் எச்சரிக்கைக்குரிய இடம் ஒன்று உண்டு. தந்தையும் மகனும் நகரின் செல்வந்தர் பகுதிக்குத் தோட்ட வேலை தேடிப் போய்த் திரும்பும்போது மிதிவண்டியின் தடை பிடிக்காமல் விபத்து நேர்கிறது. குருதி பெரிதாக இல்லை என்றாலும், தந்தை அடிபடுவதைப் பார்க்கும் பிள்ளை அஞ்சும். எனவே 'அடிபடும், ஆனால் பிழைத்துவிடுவார்' என்று முன்னதாகவே சொல்லிவிட்டோம். கதை கெடவில்லை. இதற்காகவே படத்தைப் பெரியவர் ஒருவர் முந்தின இரவே முழுமையாகப் பார்த்துவிட வேண்டும் என்கிறோம். விமர்சனத்தைப் படித்தால் போதாது. உங்கள் பிள்ளை எதற்கு அஞ்சும் என்பது விமர்சகருக்குத் தெரியாது.

பின் ஓட்டப் பந்தயம் வருகிறது. மூன்றாம் பரிசில் ஒரு ஜோடிக் காலணி உண்டு. அலீக்கு முதலிடம் வேண்டாம், மூன்றாமிடம்தான் வேண்டும். இறுதியில் கீழே விழுந்து எழுந்து ஓடிய வேகத்தில் முதலாவதாக வந்துவிடுகிறான். எல்லோரும் தூக்கிக் கொண்டாட அவன் அழுகிறான். எங்கள் பிள்ளை சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் எங்களைப் பார்த்தது. முடிவில் இன்னொரு சிக்கலும் உள்ளது. தந்தை புதுக் காலணிகளை வாங்கிவிட்டார் என்பது மிதிவண்டியின் பின்புறம் ஒரு நொடி மட்டுமே காட்டப்படுகிறது. பிள்ளைகள் பெரும்பாலும் அதைத் தவறவிட்டு, அலீ தோற்றுவிட்டான் என்ற வருத்தத்தோடு எழுவார்கள். எங்கள் வீட்டிலும் அதுவே நடந்தது. உடனே விளக்கிவிடாமல், அந்தக் காட்சிக்குப் பின்னோக்கிப் போய், 'வண்டியில் என்ன இருக்கிறது பார்' என்று மட்டும் சொன்னோம். கண்டுபிடித்த கணத்தில் எழுந்த கூச்சலில் தாதிமாவின் தஸ்பீஹ் தவறி விழுந்தது.

பிள்ளைகள் பெற்றோரிடம் மறைக்கிறார்களே, இது பொய் சொல்லக் கற்றுக்கொடுக்காதா என்று உறவினர் ஒருவர் கேட்டார். கேள்வி நியாயமானது. தந்தையின் கையில் காசில்லை என்பதை அறிந்து அவர் மனம் நோகாதிருக்க மறைக்கின்றனர். ஆனால் அந்த மறைப்பே அவர்களை நாளுக்கு நாள் இடுக்கில் தள்ளுகிறது என்பதையும் படம் மறைக்கவில்லை. 'நீயாக இருந்தால் யாரிடம் சொல்லியிருப்பாய்?' என்று கேட்டுப் பாருங்கள். வரும் பதில் படத்தைப் பற்றியதாக இருக்காது. உங்கள் வீட்டைப் பற்றியதாக இருக்கும். எங்களுக்குக் கிடைத்த பதில் 'தாதியிடம்'. பெற்றோர் இருவரும் சற்று நேரம் பேசாமல் இருந்தோம்.

வியாழன், வெள்ளிக்கு மகிழ்ச்சியான தமிழ்ப்படம் ஒன்றை வைத்தோம்: கமலக்கண்ணன் இயக்கி 2024-இல் வெளிவந்த 'குரங்கு பெடல்'. ராசி அழகப்பனின் 'சைக்கிள்' என்னும் சிறுகதையை அடிப்படையாகக் கொண்டது. கோடை விடுமுறையில் வாடகை மிதிவண்டி எடுத்து ஓட்டப் பழகத் துடிக்கும் சிறுவனும், மிதிவண்டி ஓட்டவே தெரியாத அவன் தந்தையும் இதில் வருகின்றனர். சுமார் 2 மணி நேரப் படம் என்பதால் இரண்டாகப் பிரித்தோம். வெள்ளியன்று ஜும்ஆவும் பகலுணவும் முடிந்தபின் பிற்பாதி. இங்கே அடிவரியும் வேண்டாம், மொழிபெயர்ப்பாளரும் வேண்டாம். பெரிய வண்டியின் நடுச் சட்டத்துக்கு அடியில் காலை நுழைத்து ஓட்டிய அனுபவத்தை அப்பா எழுந்து நடித்துக் காட்ட வேண்டியிருந்தது. வாடகைக் காசுக்காகச் சிறுவன் செய்யும் தவறுகளும் கதையில் உண்டு. ஆகவே இதையும் முன்னதாகப் பார்த்துவிடுங்கள்.

மார்க்க வரலாற்றுப் படம் ஒன்றும் இல்லையே என்று கேட்பீர்கள். முஸ்தஃபா அக்காத் 1976-இல் எடுத்த 'அர்-ரிஸாலா'வை நாம் மதிக்கிறோம். நபி (ஸல்) அவர்களின் உருவத்தையோ குரலையோ காட்டாமல் எடுக்கப்பட்டது அது. ஆனால் ஏறத்தாழ 3 மணி நேரம் ஓடுவது. சுமைய்யா (ரலி) அவர்களின் மரணமும் உஹதுப் போரில் ஹம்ஸா (ரலி) அவர்கள் வீழ்வதும் அதில் வருகின்றன. எட்டு வயதில் அந்த வரலாற்றைத் தாதியின் வாயால் கேட்கட்டும். மனத்தில் தானே வரைந்துகொள்ளும் உருவம் தாங்கக்கூடிய அளவில்தான் இருக்கும். பன்னிரண்டு வயதுக்கு மேல் குடும்பமாக அமர்ந்து பார்க்கலாம். மார்க்கப் படம் என்ற பெயரே வயது வரம்பை நீக்கிவிடாது.

இவ்வாரம் எங்கும் இடறாமல் போனது என்று சொல்ல மாட்டோம். ஞாயிறன்று விருந்தினர் வீட்டில் பிள்ளைகள் ஐவரும் ஒரு கைபேசியைச் சூழ்ந்து இரண்டு மணி நேரம் இருந்தனர். அங்கே போய் நாம் சட்டம் பேச முடியாது. கணக்கில் எழுதிக்கொண்டு, அடுத்த நாளை வழக்கம்போல் தொடங்கினோம். மூன்று வயதுத் தங்கை வேறொரு சிக்கல். அண்ணன் பார்க்கும்போது அவளும் வந்து அமர்ந்துவிடுகிறாள். அவளுக்கு இப்படமும் புரியாது, இந்நேரமும் அதிகம். அவளைப் பகலில் சற்றுத் தாமதமாகத் தூங்க வைத்தோம். இரண்டு நாள் பலித்தது, மூன்றாம் நாள் பலிக்கவில்லை.

அளவு மிஞ்சுகிறதா என்பதை எப்படி அறிவது? நாங்கள் இரண்டு அடையாளங்களைப் பார்த்தோம். திரை அணைந்தபின் பெயர் சொல்லி அழைத்தால் முதல் அழைப்பிலேயே திரும்புகிறதா என்பது ஒன்று. இரவு படுக்கையில் கதையைத் தன் சொற்களில் சொல்ல முடிகிறதா என்பது மற்றொன்று. பழைய கைபேசி நாள்களில் மூன்றாவது அழைப்புக்குத்தான் திரும்பும். என்ன பார்த்தாய் என்றால் 'என்னென்னமோ' என்று சொல்லும். வெள்ளி இரவு, வாரம் முடிந்தபின், அலீயின் கதையைத் தங்கைக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. பந்தயக் காட்சி வந்ததும் ஓட்டத்தை நடித்துக் காட்ட எழுந்தது. காலணி வேண்டுமென்று தாயின் செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டு கூடத்தை நான்கு முறை சுற்றி வந்தது.